தென்னை மட்டை மஞ்சளாகித் தொங்குகிறதா? ஒரு படத்தை வைத்துக் காரணம் கண்டுபிடிப்பது எப்படி

வீட்டு வாசல்ல இருக்கிற மாத்தாக் தென்னைக்கு ஒன்பது வயசு. கீழ் மட்டை எல்லாம் மஞ்சளாகித் தொங்குது. படம் அனுப்பியிருக்கேன். சுங்கை சிப்புட் பக்கம், பழைய தோட்டத்து மண்ணு. இது வண்டா, தண்ணியா, உரமா?

மஞ்சளுக்குக் காரணம் மெக்னீசியம் குறைவு. தொங்குவதற்குக் காரணம் தண்ணீர்ப் பற்றாக்குறை. வண்டின் அடையாளம் எதுவும் படத்தில் தெரியவில்லை. இரண்டு கோளாறுகள் ஒரே மட்டையில் சேர்ந்து வந்திருப்பதால்தான் ஒரே நோய் போலத் தெரிகிறது.

தென்னையைப் பார்க்கும்போது எத்தனையாவது மட்டை மஞ்சள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நிறம் அதற்குப் பிறகுதான். உங்கள் படத்தில் குருத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணினால் 25 மட்டைகள் வருகின்றன. மேலே இருக்கும் 14 நல்ல பச்சை. அடுத்த இரண்டு லேசாக வெளிறியிருக்கின்றன. அதற்குக் கீழே உள்ள ஒன்பதும் மஞ்சள். அந்த ஒன்பதில் கடைசி நான்கு, மரத்தை ஒட்டித் தொங்குகின்றன. குருத்து நேராக நிற்கிறது, புது மட்டைகளின் நீளமும் குறையவில்லை.

மரத்துக்குள் இடம்விட்டு இடம் நகரக்கூடிய சத்து குறைந்தால், மரம் கிழட்டு மட்டையிலிருந்து அதை உருவி இளம் மட்டைக்குக் கொடுக்கும். தழைச்சத்து, பொட்டாஷ், மெக்னீசியம் மூன்றும் இந்த வகை. அதனால் இவை குறைந்தால் மஞ்சள் கீழிருந்து தொடங்கும். இரும்பு, மாங்கனீஸ், போரான் ஆகியவை நகராதவை. அவை குறைந்தால் கோளாறு குருத்துப் பக்கம் தெரியும். உங்கள் மரத்தில் மஞ்சள் கீழே இருக்கிறது, ஆகவே முதல் மூன்றில் ஒன்றுதான். தழைச்சத்துக் குறைவென்றால் கீழ் மட்டை முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகி, மேல் மட்டைகளும் வெளிறிப் போகும். உங்கள் மேல் மட்டைகள் கரும்பச்சையாகவே இருக்கின்றன. மீதி இருப்பது பொட்டாஷும் மெக்னீசியமும்.

நீங்கள் அனுப்பிய இரண்டாவது படம், ஒரு கீழ் மட்டையை நெருங்கி எடுத்தது, அந்தச் சந்தேகத்தையும் தீர்த்துவிட்டது. ஒவ்வொரு இதழிலும் ஓரம் எலுமிச்சை மஞ்சள், ஈர்க்கை ஒட்டி ஒரு பச்சைக் கோடு. நடுத்தண்டோடு இதழ் சேரும் இடம் இன்னும் பச்சை. அதைவிட முக்கியமான ஒன்று: மேல் இதழ் கீழ் இதழின்மேல் படிந்து நிழல் விழுந்த இடம், நிழலின் வடிவம் மாறாமல் அப்படியே பச்சையாக இருக்கிறது. வெயில் பட்ட இடம் மட்டும் வெளுத்திருக்கிறது. மெக்னீசியம் குறைந்த மட்டை இப்படித்தான் இருக்கும். சாலைப் பக்கம் வெயில் வாங்கும் மட்டைகள் அதிக மஞ்சளாகவும், வீட்டுச் சுவர் நிழலில் இருப்பவை குறைவாகவும் தெரிவதற்கும் இதே காரணம்தான்.

பொட்டாஷ் குறைவும் கீழ் மட்டையிலதானே வரும்? எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

ஒரே ஒரு இதழைக் கிள்ளி வானத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். பொட்டாஷ் குறைந்திருந்தால் கடுகு அளவில் ஆரஞ்சு மஞ்சள் புள்ளிகள் தெரியும். எண்ணெய் பட்ட காகிதம் போல அந்தப் புள்ளி வழியே வெளிச்சம் ஊடுருவும். நாளாக ஆக இதழின் நுனியும் ஓரமும் கருகிச் சுருண்டு, முழு மட்டையும் தீயில் வாட்டியது போல ஆகிவிடும். கருகல் நுனியில் மோசமாகவும், அடியில் குறைவாகவும் இருக்கும்.

மெக்னீசியம் குறைந்த இதழில் புள்ளி இருக்காது. மஞ்சள் பட்டை போல ஓரத்தில் ஓடும். நுனி ரொம்ப நாள் உயிரோடு இருக்கும், கடைசிக் கட்டத்தில்தான் காயும்.

சில மரங்களில் இரண்டும் சேர்ந்து வருவதுண்டு. அப்போது ஆகக் கீழ் மட்டைகளில் புள்ளியும் கருகலும், அதற்கு மேல் அடுக்கில் மஞ்சள் பட்டையும் தெரியும். அப்படி இருந்தால் பொட்டாஷ், மெக்னீசியம் இரண்டையும் கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்தால் மற்றது இன்னும் மோசமாகும்.

அப்படிச் சொன்னா எப்படி? நான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு கிலோ எம்.ஓ.பி. பொட்டாஷ் உரம் போடுறேன். செம்பனைக்குப் போடுற அதே உரம்தான். உரம் போடாமலா இருக்கேன்?

மூன்று மாதத்துக்கு ஒரு கிலோ என்றால் வருஷத்துக்கு நான்கு கிலோ. எம்.ஓ.பி.யில் பொட்டாஷ் 60 சதவீதம், ஆகவே மரத்துக்கு 2.4 கிலோ பொட்டாஷ் போகிறது. காய்க்கிற ஒரு தென்னைக்கு வருஷத்துக்கு 1.2 கிலோ பொட்டாஷ், அதாவது இரண்டு கிலோ எம்.ஓ.பி. போதும். நீங்கள் இரண்டு மடங்கு போடுகிறீர்கள். அந்த மூட்டையில் மெக்னீசியம் துளியும் கிடையாது.

வேர் சத்தை உறிஞ்சும்போது பொட்டாஷும் மெக்னீசியமும் போட்டி போடும். மண் நீரில் பொட்டாஷ் அளவுக்கு மீறினால் மெக்னீசியம் பின்னுக்குத் தள்ளப்படும். மண்ணில் கொஞ்சம் மெக்னீசியம் இருந்தாலும் மரத்துக்குக் கிடைக்காது. உங்கள் மண்ணில் அந்தக் கொஞ்சமும் குறைவு. கடற்கரைக் களிமண்ணில், பாகான் டத்தோ பக்கம் போல, மெக்னீசியம் இயல்பாகவே இருக்கும். உள்நாட்டுச் செம்மண், அதுவும் பல பத்தாண்டு ரப்பரும் செம்பனையும் நின்ற மண், புளிப்பு மிகுந்து, மழையில் சத்துக் கரைந்து போன மண். இந்த மண்ணில் எம்.ஓ.பி.யை மட்டும் போட்டுக்கொண்டே வந்தால் நான்கைந்து வருஷத்தில் இந்தப் படம்தான் கிடைக்கும்.

தோட்டத்தில் செம்பனைக்கு எம்.ஓ.பி. போடும்போது கீசரைட் என்ற மெக்னீசிய உரத்தையும் வேறொரு சுற்றில் தனியாகப் போடுவார்கள். வீட்டுக்கு வந்து சேருவது பெரும்பாலும் ஒரு மூட்டைதான், மற்றது வருவதில்லை.

சரி, இப்போ என்ன போடணும்? எவ்வளவு, எங்க, எப்போ?

முதல் ஆறு மாதம் எம்.ஓ.பி.யை நிறுத்துங்கள். மண்ணில் இருப்பது அதுவரை தாங்கும். பயந்து ஒரேயடியாக விட்டுவிடவும் வேண்டாம். காயோடும் உரிமட்டையோடும் மரத்தை விட்டுப் போகிற சத்துகளில் அதிகமானது பொட்டாஷ்தான். ஆறு மாதம் கழித்து 750 கிராம், அடுத்த ஆறு மாதத்தில் இன்னொரு 750 கிராம். இரண்டாம் வருஷம் முடிந்து மரம் தெளிந்த பிறகு வருஷத்துக்கு இரண்டு கிலோ என்ற அளவுக்குத் திரும்பலாம்.

மெக்னீசியத்துக்குக் கீசரைட் வாங்குங்கள். உரக்கடையில் சாம்பல் வெள்ளையாக, நைசான மணல் போல இருக்கும். ஒரு மரத்துக்கு வருஷத்துக்கு ஒரு கிலோ, 500 கிராமாக இரண்டு தவணை. கீசரைட் கிடைக்காவிட்டால் எப்சம் உப்பு போடலாம். ஆனால் அதில் மெக்னீசியம் ஆக்சைடு 16 சதவீதம்தான், கீசரைட்டில் கிட்டத்தட்ட 27. ஆகவே ஒரு கிலோ கீசரைட்டுக்குப் பதில் 1.7 கிலோ எப்சம் வேண்டும். எப்சம் உடனே கரைந்து மழையில் ஓடிவிடும் என்பதால் அதை நான்கு தவணையாகப் பிரிப்பது நல்லது.

ஜி.எம்.எல். என்ற சுண்ணாம்பிலும் மெக்னீசியம் இருக்கிறது, விலையும் மலிவு. ஆனால் மெதுவாகத்தான் வேலை செய்யும். மஞ்சள் விழுந்துவிட்ட மரத்தை மீட்க அதை நம்பி உட்கார முடியாது. புளிப்பு மண்ணைத் திருத்த வருஷத்துக்கு ஒரு கிலோ தூவலாம். அளவு மீறிச் சுண்ணாம்பு போட்டால் மாங்கனீஸ் வேருக்குக் கிடைக்காமல் போய், குருத்துப் பக்கம் இதழ்கள் சுருண்டு கருகி வரும். அப்போது கீழே இருந்த கோளாறு மேலேயும் வந்துவிடும்.

தழைச்சத்துக்கு அமோனியம் சல்பேட் ஒரு கிலோ, வருஷத்துக்கு இரண்டு தடவை. யூரியா என்றால் அதில் பாதிக்கும் குறைவு போதும், ஆனால் தூவியதும் மண்ணால் மூட வேண்டும். வெயிலில் மேலாகக் கிடக்கும் யூரியா காற்றோடு போய்விடும்.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. சத்தை உறிஞ்சும் வேர்களில் பெரும்பங்கு மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள், மேல்மண்ணில் இருக்கும். மரத்தடியை ஒட்டிக் குவிக்காதீர்கள். அங்கே இருப்பது பழைய தடித்த வேர், உறிஞ்சாது. மரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஆரம்பித்து இரண்டு மீட்டர் வரைக்கும் ஒரு வளையம் போல, புல்லைச் செதுக்கிவிட்டு, சீராகத் தூவுங்கள். சங்குலால் மேலாகக் கிளறினால் போதும். ஆழமாகக் கொத்தினால் வேர்தான் அறுபடும்.

மண் ஈரமாக இருக்கும்போது, ஆனால் பெருமழை தொடங்குவதற்கு முன் போட வேண்டும். பேராக்கில் மார்ச் கடைசியில் ஒன்று, ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பரில் ஒன்று. அக்டோபர், நவம்பர் அடைமழையில் போட்டால் உரம் வடிகாலுக்குத்தான் போகும். கீசரைட்டையும் எம்.ஓ.பி.யையும் ஒரே நாளில் கலந்து போடாமல் ஒரு மாதம் இடைவெளி விடுங்கள்.

ஆனா மட்டை தொங்குதே? போன வருஷம் கார் நிறுத்த சிமெண்டு போட்டோம். தை மாசத்திலிருந்து மழையும் சரியா இல்ல.

அந்த இரண்டும் சேர்ந்ததுதான். மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் வளையம்தான் அதன் வாய். படத்தில் அந்த வளையத்தில் பாதி சிமெண்டுக்கு அடியில் போயிருக்கிறது. அந்தப் பக்கம் விழும் மழை மண்ணில் இறங்காமல் சாய்வில் ஓடி வடிகாலில் விழுகிறது. மீதி பாதி வேர்தான் முழு மரத்துக்கும் தண்ணீர் கொடுக்கிறது.

தண்ணீர் போதாத தென்னை, முதலில் இதழ்களை ஈர்க்கை ஒட்டி மடக்கும். பிறகு கிழட்டு மட்டைகள் அடியில், மரத்தோடு சேரும் இடத்துக்கு அருகில் வளைந்து கீழே சாயும். மட்டை முறிந்திருக்காது, மெல்லப்பட்ட அடையாளமும் இருக்காது. நடு மட்டைகள் கிடையாக நிற்கும், குருத்து நிமிர்ந்திருக்கும். உங்கள் படம் அப்படியே இருக்கிறது. குருத்து நிமிர்ந்து, நடு மட்டை கிடையாக, கிழட்டு மட்டை கொஞ்சம் சாய்ந்து, பந்து போல இருப்பதுதான் நல்ல கொண்டையின் இயல்பு. ஆகவே கீழே இரண்டு சாய்ந்தால் கவலை இல்லை. உங்களுக்கு நான்கு சாய்ந்திருக்கிறது, அவையும் மரத்தோடு ஒட்டித் தொங்குகின்றன. அது மிகுதி.

மழை இல்லாத வாரங்களில் 200 லிட்டர் நீலத் தோங்கு ஒன்று நிறைய, வாரம் இரண்டு முறை, சிமெண்டு இல்லாத பக்கத்தில் ஊற்றுங்கள். குழாயைத் திறந்துவிட்டால் ஓடிப் போகும். ஒரு சாண் உயரத்துக்குப் பாத்தி கட்டி மெதுவாக ஊறவிட வேண்டும். உரித்த தேங்காய் மட்டையைக் குழிவான பக்கம் கீழே இருக்கும்படி வளையத்தில் பரப்பினால் ஈரம் நிற்கும். முடிந்தால் மரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் வரையில் சிமெண்டை உடைத்து எடுத்துவிடுங்கள். நாங்கள் சொல்வதிலேயே செலவு பிடிக்கும் வேலை இதுதான். ஆனால் இதைச் செய்யாமல் கீசரைட் போட்டால் பாதி வளையத்தில் மட்டும்தான் போட முடியும், பலனும் பாதிதான் கிடைக்கும்.

பக்கத்து வீட்டில சிவப்பு வண்டுன்னு சொல்றாங்க. மரம் செத்துடும், வெட்டிடுங்கன்னு பயமுறுத்துறாங்க.

வெட்டாதீர்கள். ஆனால் அந்தப் பயம் வெறும் பயமில்லை. சிவப்புக் கூன்வண்டு 2007ஆம் ஆண்டு திரெங்கானுவில் தென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது. அது வந்த மரத்தைக் காப்பாற்றுவது கடினம். ஆகவே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சிவப்பு வண்டின் புழு, கொண்டைக்குள்ளும் தண்டுக்குள்ளும் மென்று தின்னும். அதனால் முதலில் சாய்வது கிழட்டு மட்டை அல்ல. பச்சையாக, நல்ல வயதில் இருக்கும் நடு மட்டைகளும் மேல் மட்டைகளும் பிடிப்பு விட்டுக் குடை மடிந்தது போலச் சுற்றிலும் சாயும். குருத்து ஒரு பக்கம் சரியும். மட்டை அடியிலோ தண்டிலோ ஓட்டை இருக்கும், அதிலிருந்து பழுப்பு நிறச் சாறு வடியும், மென்று துப்பிய நார் வெளியே தள்ளப்பட்டிருக்கும். கிட்டே போனால் கள் புளித்தது போல ஒரு நாற்றம் வரும். விடியற்காலையில், சத்தம் அடங்கிய நேரத்தில், தண்டில் காதை வைத்தால் உள்ளே நறுநறு என்று கடிக்கும் ஓசை கேட்பதுண்டு.

இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மாவட்ட விவசாய இலாகாவுக்குச் சொல்லுங்கள். தண்டுக்குள் மருந்து செலுத்துவது அவர்கள் செய்ய வேண்டிய வேலை. மருந்து செலுத்திய மரத்தில் அவர்கள் சொல்லும் நாள்வரை இளநீரோ தேங்காயோ பறிக்கக் கூடாது.

காண்டாமிருக வண்டு வேறு. கம்போங்கில் கும்பாங் பாடாக் என்பார்கள். அது குருத்தைத் துளைக்கும். அந்தக் குருத்து விரியும்போது கத்தரியால் வெட்டியது போல முக்கோண வெட்டு தெரியும். மஞ்சளாக்காது. ஆனால் அது போட்ட ஓட்டையின் வாசனைக்கும் சிவப்பு வண்டு வரும். பக்கத்துத் தோட்டத்தில் செம்பனை மறுநடவு நடந்து, சீவிப் போட்ட தண்டுகள் மக்கிக்கொண்டிருந்தால் அங்கே காண்டாமிருக வண்டு பெருகும். அந்தக் காலத்தில் குருத்தை மாதம் ஒரு முறையாவது அண்ணாந்து பாருங்கள்.

மஞ்சள் மட்டையை வெட்டிட்டா மரம் சுத்தமா இருக்குமே?

கூடாது. அந்த மட்டையில் மீந்திருக்கும் மெக்னீசியத்தையும் பொட்டாஷையும்தான் மரம் இப்போது உருவி மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறது. வெட்டினால் அந்தச் சேமிப்பு போய்விடும். மரம் அடுத்த வரிசை மட்டையிலிருந்து உருவத் தொடங்கும், மஞ்சள் ஒரு படி மேலே ஏறும். ஒரே வாரத்தில் ஒன்பது மட்டையைக் கழித்துவிட்டு, அடுத்த மூன்று மாதத்தில் இன்னும் நான்கு மஞ்சளாகிவிட்டது என்று தவிப்பவர்கள் உண்டு.

இன்னொரு சங்கதி. மாத்தாக்கின் குலை கனமானது. ஒவ்வொரு குலையும் தன் மட்டையின் மேல் சாய்ந்துதான் நிற்கிறது. அந்த மட்டையை எடுத்துவிட்டால் குலைக்காம்பு மடிந்து, முற்றாத காய் மொத்தமாக விழும்.

முழுக்கப் பழுப்பாகி, தொட்டால் விழுகிற மட்டையை மட்டும் எடுங்கள். ஏதோ காரணத்தால் பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டை ஒட்டி வெட்டாமல் ஒரு மீட்டருக்கு மேல் அடியை விட்டு வெட்டுங்கள். சிவப்பு வண்டு பச்சைக் காயத்தில் முட்டையிடும். புழு அந்த நீளத்தைக் கடந்து தண்டுக்குள் போவதற்குள் அடி காய்ந்துவிடும்.

தென்னைக்கு உப்பு போடச் சொல்லி அப்பத்தா சொல்லும். போடலாமா?

அந்தச் சொல்லில் உண்மை இருக்கிறது. தென்னைக்குக் குளோரின் ஒரு முக்கியச் சத்து, கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் அது குறையும். பிலிப்பீன்ஸில் உள்நாட்டுத் தென்னைக்கு உப்பை உரமாகவே பரிந்துரைக்கிறார்கள். ஆனால் எம்.ஓ.பி.யில் கிட்டத்தட்ட பாதி எடை குளோரின்தான். அதை வருஷக்கணக்காகப் போட்ட உங்கள் மரத்துக்கு உப்பு வேண்டியதில்லை. மஞ்சளையும் அது போக்காது.

என் மரத்தில நேர்மாறா, குருத்துப் பக்கம்தான் மஞ்சள். பள்ளமான இடம், பாரிட் ஓரம். அதே கீசரைட் போடலாமா?

வேண்டாம், பலன் இருக்காது. மண்வெட்டி எடுத்து மரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி 45 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழி தோண்டிவிட்டு மறுநாள் பாருங்கள். தண்ணீர் நின்றுகொண்டிருந்தால் வேர் மூச்சு முட்டிக் கிடக்கிறது. குழியில் கிடைக்கும் சிறு வேரை விரலால் உருவுங்கள். மேல்தோல் உறை போலக் கழன்று வந்து, உள்ளே நூல் போல ஒன்று மட்டும் மிஞ்சினால் அந்த வேர் அழுகிவிட்டது. அழுகிய வேரால் இரும்பை எடுக்க முடியாது, அதனால் புது மட்டை வெளிறி வருகிறது. நாளாக ஆகக் கீழ் மட்டையும் மஞ்சளாகும்.

மரத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, 60 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு கால்வாய் வெட்டி பாரிட்டில் சேருங்கள். பாரிட்டின் நீர்மட்டம் அதைவிடக் கீழே இருந்தால்தான் வடியும், ஆகவே முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வடிந்து புது வேர் விடும்வரை உரமே வேண்டாம்.

புது மட்டை மஞ்சளாக இல்லாமல், நுனி கொக்கி போல வளைந்தோ, இதழ்கள் விசிறி போல மடிந்து ஒட்டியோ வந்தால் அது போரான் குறைவு. போராக்ஸ் 50 கிராம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அதே வளையத்தில். கூடினால் நஞ்சு, ஆகவே கைப்பிடியால் அள்ளாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்து அடியில் அழுகல் நாறினால் அது குருத்தழுகல். காய்கள் திடீரென்று உதிர்ந்து, புதுப் பாளை கருகி, அதோடு மஞ்சள் மேலே ஏறினால் மஞ்சள் வாடல் நோயாக இருக்கலாம். பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வரும் இந்த நோய் மலேசியத் தென்னையிலும் பதிவாகியிருக்கிறது. இரண்டுக்கும் உரம் மருந்தல்ல. இலாகாவைக் கூப்பிட வேண்டும்.

படம் அனுப்பினா சரியா சொல்ல முடியுமா? எப்படி எடுக்கணும்?

ஐந்து படம் வேண்டும். தண்டின் அடி முதல் குருத்து வரை முழு மரம் ஒன்று. கொண்டையை மட்டும் நெருக்கி ஒன்று, அதில் குருத்து தெரிய வேண்டும். தரையிலிருந்து ஆள் உயரம் வரை தண்டு ஒன்று. அதில் கருஞ்சிவப்புச் சாறு வடிகிறதா, அடியில் தட்டு போலக் காளான் முளைத்திருக்கிறதா என்று பார்ப்போம். சாறு தண்டழுகலின் அடையாளம், காளான் அடித்தண்டு அழுகலின் அடையாளம். நான்காவது, ஒரு மஞ்சள் மட்டையின் நடுவிலிருந்து கிள்ளிய மூன்று இதழ்களை வெள்ளைத் தாளில் வைத்து எடுத்தது. ஐந்தாவது, அதே இதழ்களைத் திருப்பி அடிப்பக்கம். அங்கே மாவு போலவோ சிரங்கு போலவோ ஒட்டியிருந்தால் செதில் பூச்சி சாற்றை உறிஞ்சுகிறது. அந்த மஞ்சள் திட்டுத் திட்டாக இருக்கும், ஓரத்துப் பட்டையாக இருக்காது.

வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து, காலை ஒன்பது பத்து மணிக்கு எடுங்கள். மாலை வெயிலில் எடுத்தால் நல்ல பச்சை மட்டையும் மஞ்சளாகத் தெரியும். வெள்ளைத் தாள் கேட்பதும் அதற்காகத்தான். தாள் படத்தில் மஞ்சளாக இருந்தால் இலையின் மஞ்சளையும் நம்ப முடியாது.

பல மரம் வைத்திருப்பவர்கள் படத்தோடு நிற்காமல் இலையைச் சோதனைக்கு அனுப்பலாம். காய்க்கிற தென்னையில் அதற்குரியது குருத்திலிருந்து பதினான்காவது மட்டை. செம்பனையில் பதினேழாவது, இரண்டையும் குழப்ப வேண்டாம். நடுப்பகுதியில் இரு பக்கமும் மூன்று மூன்று இதழ் எடுத்து, ஈர்க்கை நீக்கி, நடுவில் 10 சென்டிமீட்டர் துண்டு மட்டும் அனுப்புங்கள். காய்ந்த எடையில் மெக்னீசியம் 0.2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு உறுதி.

கீசரைட் போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. மஞ்சள் அப்படியே இருக்கு. உரம் வேலை செய்யலையா?

மஞ்சளான மட்டை திரும்பப் பச்சையாகாது. எவ்வளவு போட்டாலும் ஆகாது. பலன் தெரிவது புதிதாக வரும் மட்டைகளிலும், இன்னும் மஞ்சளாகாத நடு மட்டைகளிலும்தான்.

தென்னை மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டை விடும். ஒரு மட்டை விரிந்து உதிர இரண்டரை முதல் மூன்று வருஷம். இந்தக் கணக்கு தெரிந்தால் பொறுமை தானாக வரும். இன்றைக்கு முழுதாக விரிந்த மேல் மட்டையின் அடியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். மரம் உயரமென்றால் நீளக் கம்பில் தூரிகையைக் கட்டிக்கொள்ளலாம். மாதம் ஒரு முறை இரண்டு எண்களை மட்டும் குறித்து வாருங்கள்: கோடு போட்ட மட்டைக்கு மேல் எத்தனை புது மட்டை, குருத்திலிருந்து எண்ணினால் முதல் மஞ்சள் எத்தனையாவது மட்டையில்.

உங்கள் மரத்தில் இப்போது முதல் மஞ்சள் பதினேழாவது மட்டையில் இருக்கிறது. ஆறு மாதம் கழித்தும் பதினேழு அல்லது அதற்கு மேலான எண் என்றால் மஞ்சள் ஏறுவது நின்றுவிட்டது. ஒரு வருஷத்தில் அது இருபதைத் தாண்ட வேண்டும். பழைய மஞ்சள் மட்டைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து விழுந்து, கொண்டையில் முப்பது மட்டைக்கு மேல் நிற்க இரண்டு வருஷத்துக்கு மேலாகும். ஆறு மாதத்தில் அந்த எண் பதினைந்து, பதினான்கு என்று குறைந்தால் வளையத்தில் சிமெண்டு இன்னும் இருக்கிறதா, எம்.ஓ.பி. யாராவது போட்டார்களா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பதினான்காவது மட்டையைச் சோதனைக்கு அனுப்புங்கள்.